மாசி மகப் பதிவுகள் தொலையாமல் இருக்க: கோப்புப் பெயர் முதல் மூன்றாம் நகல் வரை ஒரு வழிகாட்டி

கோயில் திருவிழாக்களையும் பஜனைகளையும் பதிவு செய்யும் சிறு குழுக்களிடம் நல்ல காமிரா இருக்கும், உழைக்க ஆளும் இருப்பார்கள். ஆனால் மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய தீர்த்தவாரியைக் காட்டச் சொன்னால், அது எந்த ஹார்டு டிஸ்கில் இருக்கிறது என்று எவராலும் சொல்ல முடிவதில்லை. எங்கள் குழுவின் பழைய பதிவுகளை ஒழுங்குபடுத்த நான் உட்கார்ந்தபோது, ஒவ்வொரு டிஸ்கிலும் C0001.MP4 என்ற பெயரில் ஒரு கோப்பு இருந்தது. திறந்து பார்த்தால் ஒன்று வடலூர், மற்றொன்று வில்லியனூர்த் தேர். அந்தச் சிரமம் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

2025 மார்ச் 12 அன்று புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரையில் நடந்த மாசி மகத் தீர்த்தவாரியை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். A, B என்று இரண்டு காமிராக்கள், தனியாக ஒரு ஒலிப்பதிவுக் கருவி, விண்டோஸ் மடிக்கணினி ஒன்று, வெளியில் இணைக்கும் ஹார்டு டிஸ்குகள் மூன்று என்பதே இங்கே கொள்ளும் ஏற்பாடு.

1. முந்தைய நாளே கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள்

பல மாதங்கள் பெட்டியில் கிடந்த காமிராவில் உள்மின்கலம் இறங்கியிருந்தால், தேதி ஆலையில் வைத்த நாளுக்குத் திரும்பிவிடும். எனவே இரண்டு காமிராக்களிலும் ஒலிப்பதிவுக் கருவியிலும் தேதியையும் நேரத்தையும் கைப்பேசியைப் பார்த்து ஒன்றாக வையுங்கள். அதோடு, ஒவ்வொரு கார்டிலும் முதல் காட்சியாகக் கைப்பேசியின் கடிகாரத் திரையைச் சில நொடிகள் பதிவு செய்துவிடுங்கள். கடிகாரம் பிசகியிருந்தாலும் எவ்வளவு பிசகியது என்பதை அந்த ஒரு காட்சி சொல்லிவிடும்.

விடியற்காலைப் பதிவுகளில் இன்னொரு குழப்பம் உண்டு. பல காமிராக்கள் எம்பி4 கோப்பின் உள்ளே நேரத்தை உலகப் பொது நேரத்தில் எழுதுகின்றன. அது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கியது. மார்ச் 12 காலை 4 மணிக்கு எடுத்த காட்சியைச் சில மென்பொருள்கள் மார்ச் 11 இரவு 10.30 என்று காட்டுவது இதனால்தான். ஆகவே கோப்புக்குள் எழுதியிருக்கும் தேதியை நம்பித் தானாகப் பெயர் வைக்கும் மென்பொருள்களைத் திருவிழாப் பதிவுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

கார்டுகளின் மேல் A1, A2, B1, B2 என்று அழியாத மையால் எழுதி ஒட்டுங்கள். நிரம்பிய கார்டை வெளியே எடுத்தவுடன் அதன் பக்கவாட்டுப் பூட்டைக் கீழே தள்ளிவிட்டுத் தனி உறையில் போடுங்கள்.

2. ஊருக்கும் விழாவுக்கும் குறியீட்டுப் பட்டியல் ஒன்று எழுதுங்கள்

ஒரே ஊரின் பெயரை ஆங்கில எழுத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுவார்கள். திருப்பாதிரிப்புலியூரை ஒருவர் Thirupapuliyur என்பார், ரயில் நிலையப் பலகையைப் பார்த்து எழுதுகிறவர் வேறு விதமாக எழுதுவார், மூன்றாமவர் Cuddalore என்று முடித்துக்கொள்வார். கணினியில் தேடும்போது ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. இதற்குத் தீர்வு, ஊருக்கு மூன்றெழுத்துக் குறியீடு ஒன்றை ஒரேயொரு முறை முடிவு செய்து, அனைவரும் அதை மட்டுமே எழுதுவதுதான். எங்கள் பட்டியலின் ஒரு பகுதி இது:

```
VTK  வைத்திக்குப்பம்
DVP  தேவனாம்பட்டினம்
TPP  திருப்பாதிரிப்புலியூர்
TVP  திருவந்திபுரம்
VDL  வடலூர்
VLN  வில்லியனூர்
```

விழாக்களுக்கும் இவ்வாறே MASIMAGAM, THAIPOOSAM, THER என்று ஒரே எழுத்துக்கூட்டலை நிலைநிறுத்துங்கள். புதிய ஊருக்குப் போகும்போது, முதலில் பட்டியலில் குறியீட்டைச் சேர்த்த பிறகே கோப்புறையைத் திறக்க வேண்டும்.

கோப்புப் பெயரையே தமிழில் வைக்கலாமே என்று நம் குழுவில் ஒருவராவது கேட்பார். எனக்கும் அதுவே விருப்பம். இன்றைய விண்டோஸில் தமிழ்ப் பெயர் நன்றாகத்தான் தெரிகிறது. ஆனால் பழைய தொலைக்காட்சிப் பெட்டிகள், கோயில் எல்.இ.டி. திரைக்காரரின் கருவி, சில எடிட்டிங் மென்பொருள்கள் ஆகியவற்றில் அது கட்டங்களாக மாறிவிடும் அல்லது கோப்பே திறக்காது. பெயரில் ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு, அடிக்கோடு ஆகிய நான்கை மட்டும் வைத்துக்கொண்டு, தமிழில் எழுத வேண்டிய அனைத்தையும் எட்டாம் படியில் வரும் விவரப் பட்டியலுக்கு ஒதுக்குங்கள்.

3. படம்பிடிக்கும் முன்பே கோப்புறையைத் திறந்து வையுங்கள்

```
D:\ARCHIVE\2025\2025-03-12_VTK_MASIMAGAM\
    01_RAW\   A1  A2  B1  B2  AUDIO
    02_DOCS\
    03_EDIT\
```

தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் கணினி தானாகவே கால வரிசையில் அடுக்கும். 12-03-2025 என்று எழுதினால் எல்லா ஆண்டுகளின் 12ஆம் தேதிகளும் ஒன்றாகக் குவியும். தேதி இருந்தாலும் விழாவின் பெயரை விடக் கூடாது. மாசி மகம் 2024இல் பிப்ரவரி 24 அன்றும் 2025இல் மார்ச் 12 அன்றும் வந்தது; தேதியை மட்டும் பார்த்து அது எந்த விழா என்று பத்து ஆண்டுகளுக்குப் பிறகு ஒருவராலும் சொல்ல முடியாது.

வீதியுலா நள்ளிரவைத் தாண்டினால், நிகழ்ச்சி தொடங்கிய நாளையே கோப்புறைக்குக் கொடுங்கள்.

4. அன்றிரவே கார்டை முழுமையாக நகலெடுங்கள்

எவ்வளவு இடமும் நேரமும் ஆகும் என்பதை முதலில் கணக்கிடுவோம். நொடிக்கு 50 மெகாபிட் வீதத்தில் பதிவாகும் முழு எச்.டி. காட்சி மணிக்கு 22.5 ஜிபி பிடிக்கும். இரண்டு காமிராக்கள் நான்கு மணி நேரம் ஓடினால் 180 ஜிபி. 100 மெகாபிட் வீதத்தில் 4கே எடுத்தால் இது இரட்டிப்பாகும். நல்ல கார்டு ரீடர் நொடிக்கு 80 மெகாபைட் படித்தால் 180 ஜிபி முடிய ஏறத்தாழ நாற்பது நிமிடம் பிடிக்கும். பழைய யூஎஸ்பி 2 ரீடராக இருந்தால் ஒன்றரை மணி நேரம் ஆகும். சரிபார்ப்பையும் இரண்டாம் நகலையும் சேர்த்தால் அன்றிரவு மூன்று மணி நேரத்தை ஒதுக்க வேண்டும். களைப்பில் இதை மறுநாளுக்குத் தள்ளிப்போடும்போதுதான், அடுத்த நிகழ்ச்சிக்காக யாராவது கார்டைத் துடைத்துவிடுகிறார்கள்.

வீடியோக் கோப்புகளை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள். கார்டில் உள்ள கோப்புறையை அப்படியே எடுங்கள். சோனி காமிராவில் அது PRIVATE என்ற பெயரில் இருக்கும். வேறு காமிராக்களில் DCIM இருக்கும். இரண்டும் இருந்தால் இரண்டையும் எடுங்கள். இழுத்துப் போடுவதைவிட, விண்டோஸின் கட்டளைத் திரையான பவர்ஷெல்லில் கீழ்க்காணும் கட்டளையை ஓட்டுவது நம்பகமானது. இடையில் நின்றுவிட்டால் மீண்டும் ஓட்டினால் போதும், விட்டதை மட்டும் எடுக்கும். D:\LOG என்ற கோப்புறையை முன்பே உருவாக்கிவிடுங்கள். இதில் E: என்பது கார்டு, D: என்பது முதல் ஹார்டு டிஸ்க்.

```
robocopy E:\PRIVATE D:\ARCHIVE\2025\2025-03-12_VTK_MASIMAGAM\01_RAW\A1\PRIVATE /E /R:2 /W:5 /LOG:D:\LOG\A1.txt
```

இக்கட்டளைக்கு இணையத்தில் பலரும் /MIR என்ற சொல்லைச் சேர்த்துக் கொடுத்திருப்பார்கள். அது, மூலத்தில் இல்லாத கோப்புகளைச் சேருமிடத்திலிருந்து அழித்துவிடும். தவறான கார்டைச் செருகி அதை ஓட்டினால் பழைய விழா முழுவதும் கேள்வியே இல்லாமல் போய்விடும். நமக்கு /E மட்டும் போதும்.

5. நகல் சரியா என்று கணக்குப் பாருங்கள்

கோப்பின் அளவு ஒத்திருக்கிறது, முதல் காட்சி ஓடுகிறது என்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். நடுவில் சில நொடிகள் சிதைந்திருந்தால் இவ்விரண்டாலும் தெரியாது. ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தும் கணினி கணக்கிடும் ஒரு நீண்ட எண் உண்டு. ஹாஷ் எனப்படும் அது கோப்பின் கைரேகை போன்றது. உள்ளே ஒரு பிட் மாறினாலும் எண் மாறிவிடும். கோப்பின் பெயர் மாறினால் எண் மாறாது. இந்த இரண்டாவது குணம் அடுத்த படியில் நமக்குப் பெரிதும் உதவும்.

ஹாஷ் கணக்கிடுவதற்கு முன் ஹார்டு டிஸ்கை முறைப்படி வெளியேற்றி மீண்டும் செருகுங்கள். இல்லாவிட்டால் சிறிய கோப்புகளை டிஸ்கிலிருந்து படிக்காமல், தன் நினைவகத்தில் மிச்சமிருக்கும் நகலையே கணினி படித்து எல்லாம் சரி என்று சொல்லக்கூடும். பிறகு பவர்ஷெல்லில் இவற்றை ஓட்டுங்கள்:

```
$d = 'D:\ARCHIVE\2025\2025-03-12_VTK_MASIMAGAM\01_RAW\A1\PRIVATE'
gci E:\PRIVATE -Recurse -File | Get-FileHash | Export-Csv D:\LOG\A1_card.csv
gci $d -Recurse -File | Get-FileHash | Export-Csv D:\LOG\A1_disk.csv
Compare-Object (Import-Csv D:\LOG\A1_card.csv) (Import-Csv D:\LOG\A1_disk.csv) -Property Hash
```

கடைசி வரி ஒன்றையும் அச்சிடாமல் முடிந்தால் இரண்டும் ஒன்றே என்று பொருள். வரிகள் ஏதேனும் வந்தால், முதலில் வேறு கேபிளையும் வேறு யூஎஸ்பி துளையையும் மாற்றிப் பார்த்து மீண்டும் நகலெடுங்கள்; பெரும்பாலும் குற்றம் அங்கேதான் இருக்கும். A1_disk.csv கோப்பை அழித்துவிடாதீர்கள். ஒன்பதாம் படிக்கு அது வேண்டும்.

6. பெயர் மாற்றம்: எப்போது, எதற்கு, எதற்குக் கூடாது

கோப்புறைப் பெயரே போதும், கோப்புகளைத் தொட வேண்டாம் என்பது தொழில்முறை எடிட்டர்கள் பலரின் கருத்து. அவர்களுக்கு அது சரி. நம்மைப் போன்ற குழுக்களில் ஒரு கோப்பு தனியாகப் பிரிந்து பென் டிரைவில் குருக்களிடம் போகும், அங்கிருந்து வேறு வீட்டுக்குப் போகும். கோப்புறையை விட்டுப் பிரிந்த C0014.MP4 அனாதையாகிவிடும். எனவே முதல் நகல் சரிபார்க்கப்பட்ட பின்னர், எடிட்டிங் தொடங்கும் முன்னர், ஒவ்வொரு கோப்பின் முன்னாலும் அடையாளத்தைச் சேர்க்கலாம் என்பதே என் முடிவு. காமிரா கொடுத்த எண்ணைக் கடைசியில் அப்படியே விட வேண்டும்.

டிஸ்கில் உள்ள நகலின் PRIVATE கோப்புறைக்குள் இருக்கும் CLIP கோப்புறைக்குச் சென்று இதை ஓட்டுங்கள்:

```
(gci *.MP4, *.XML) | Rename-Item -NewName { '2025-03-12_VTK_MASIMAGAM_A1_' + $_.Name }
```

C0014.MP4 இப்போது 2025-03-12_VTK_MASIMAGAM_A1_C0014.MP4 என்று ஆகும். வெளியே உள்ள அடைப்புக்குறிகளை விட்டுவிடாதீர்கள். அவை இல்லாவிட்டால் சில கோப்புகளுக்கு முன்னொட்டு இரண்டு முறை ஒட்டிக்கொள்ளும். எடிட்டிங் தொடங்கிய பிறகு பெயரை மாற்றினால், மென்பொருள் எல்லாக் காட்சிகளையும் காணவில்லை என்று சொல்லும். ஆகவே வரிசை முக்கியம்.

இதில் ஒரு விலக்கு உண்டு. பழைய ஹேண்டிகேம்களில் 00001.MTS என்று பதிவாகும் ஏவிசிஎச்டி வகைக் கோப்புகளின் பெயரை மாற்றாதீர்கள். அவை நீண்ட காட்சியை இரண்டு ஜிபி அளவில் துண்டாக்கி, எங்கே எது ஒட்டும் என்பதைப் பக்கத்துக் கோப்புகளில் எழுதி வைத்திருக்கும். பிரித்துவிட்டால் ஒட்டும் இடத்தில் பாட்டு ஒரு கணம் அறுந்து ஒலிக்கும். அங்கே கோப்புறைப் பெயரோடு நிறுத்துங்கள்.

சுவாமியின் பெயரைக் கோப்புப் பெயரில் சேர்க்கலாமா என்ற கேள்வி வைத்திக்குப்பத்தில் கட்டாயம் எழும். மணக்குள விநாயகரும் மயிலம் முருகனும் தீவனூர் விநாயகரும் மற்ற பல ஊர் உற்சவ மூர்த்திகளும் ஒரே மணற்பரப்பில் எழுந்தருளியிருக்கும்போது, ஒரு காட்சியிலேயே மூன்று நான்கு சுவாமிகள் வந்துவிடுவார்கள். ஒருவர் பெயரை வைத்தால் மற்றவர் தேடலில் விடுபடுவார். அதனால் அதைப் பட்டியலில்தான் எழுத வேண்டும்.

அன்பர்கள் கைப்பேசியில் எடுத்த காட்சிகளை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் சுருங்கிவிடும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது கேபிளில் வாங்குங்கள். 01_RAW உள்ளே PHONE என்று தனிக் கோப்புறையில் வையுங்கள்.

7. இரண்டாம் நகல் வீட்டில், மூன்றாம் நகல் கடற்கரையை விட்டுத் தொலைவில்

முதல் டிஸ்கிலிருந்து இரண்டாம் டிஸ்குக்கு மேற்கண்ட robocopy கட்டளையாலேயே நகலெடுத்து, மீண்டும் ஹாஷ் ஒப்பிடுங்கள். பெயர் மாறியிருந்தாலும் எண் மாறாது என்பதால், கார்டின் பட்டியலான A1_card.csv கோப்போடே நேரடியாக ஒப்பிடலாம். இரண்டு நகல்களும் தேறிய பிறகுதான் கார்டை, அதுவும் காமிராவுக்குள் வைத்தே, ஃபார்மட் செய்ய வேண்டும். அவசரத்தில் யாராவது முன்பே ஃபார்மட் செய்துவிட்டால், அந்தக் கார்டில் புதிதாக ஒரு நொடிகூடப் பதிவு செய்யாமல் எடுத்து வையுங்கள். மேலே எதுவும் எழுதப்படாத வரை மீட்பு மென்பொருளால் பெரும்பகுதியைத் திரும்பப் பெற வாய்ப்புண்டு.

மூன்றாம் நகலை எங்கே வைப்பது என்பதில்தான் நம் ஊர்க்காரர்கள் தவறாகக் கணக்கிடுகிறார்கள். ஒன்றைப் புதுச்சேரியிலும் மற்றொன்றைக் கடலூரிலும் வைத்துவிட்டு இரண்டு ஊர் ஆயிற்று என்று நிம்மதி அடைவது பொதுவான வழக்கம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையில்தான் கரையைக் கடந்தது. இரண்டும் ஒரே நாளில் அடி வாங்கின. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறியபோது புதுச்சேரி, விழுப்புரம், கடலூர் ஆகிய மூன்று பகுதிகளிலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. எனவே மூன்றாம் டிஸ்க் திருச்சியிலோ சேலத்திலோ உள்ள உறவினர் வீட்டில் இருக்கட்டும். ஆண்டுக்கு இருமுறை நேரில் போகும்போது புதிய பதிவுகள் உள்ள டிஸ்கைக் கொடுத்து, பழையதை வாங்கி வாருங்கள்.

இணையச் சேமிப்பை இதற்கு மாற்றாக முழுவதும் நம்ப நான் தயங்குகிறேன். நொடிக்கு 20 மெகாபிட் ஏற்றும் வேகத்தில் 180 ஜிபி ஏற இருபது மணி நேரம் ஆகும்; சந்தா ஒரு மாதம் தவறினால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். எடிட் செய்து முடித்த தொகுப்பையும் விவரப் பட்டியலையும் அங்கே வைப்பது நல்லது.

செலவைப் பற்றி ஒரு சொல். ஆண்டுக்கு இந்த அளவில் பத்து நிகழ்ச்சிகள் என்றால் 1.8 டெராபைட் சேரும். நான்கு டெராபைட் டிஸ்க் இரண்டு ஆண்டுகளுக்கு வரும், பத்தில் ஒரு பங்கு காலியாகவும் இருக்கும். விண்டோஸ் அதை 3.63 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று எண்ண வேண்டாம், கணக்கிடும் முறை வேறு. நான் வாங்கியபோது ஒன்று பத்தாயிரம் ரூபாயை ஒட்டி இருந்தது. விலை ஏறி இறங்கும். மூன்று டிஸ்குகளையும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்காமல், இரண்டு நிறுவனங்களின் தயாரிப்பாகப் பிரித்து வாங்குங்கள். ஒரே தொகுதியில் குறை இருந்தால் மூன்றும் சேர்ந்து போகாது. அலமாரியில் ஆண்டுக்கணக்கில் வைப்பதற்கு எஸ்எஸ்டியும் பென் டிரைவும் ஏற்றவை அல்ல. மின்சாரம் இல்லாமல் நெடுநாள் கிடந்தால் அவற்றில் உள்ள தகவல் கசிந்துவிடக்கூடும்.

உப்புக் காற்றுக்கு இணைப்பு முனைகள் துருப்பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் உறையில் போட்டு, தரையிலிருந்து உயரத்தில் வையுங்கள்.

8. விவரப் பட்டியலும் ஆவணங்களும்

ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு வரி வீதம் விரிதாளில் எழுதுங்கள்: கோப்பின் பெயர், தொடங்கிய நேரம், எழுந்தருளிய சுவாமி, வாகனம், பாடிய பதிகம், பாடியவர், குறிப்பு. இந்த வேலையை ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு எந்தப் பல்லக்கு எந்த ஊருடையது என்பது மறந்துபோகும். நமக்கு உதவியாக, கோயிலார் அச்சிடும் விழா அழைப்பிதழில் நாள் வாரியாக வாகனமும் கட்டளைதாரரும் இருக்கும்; அதைப் படமெடுத்து 02_DOCS கோப்புறையில் போடுங்கள். அதே இடத்தில் கோயில் நிர்வாகம் கொடுத்த படப்பிடிப்பு அனுமதிக் கடிதமும், பாடியவர்களின் எழுத்துமூல ஒப்புதலும் இருக்க வேண்டும். பல ஆண்டுகள் கழித்து ஒரு பதிவை வெளியிட முனையும்போது அனுமதி இருந்ததா என்ற கேள்வி வரும். கடிதம் எழுதிக் கொடுத்த அலுவலர் அப்போது அங்கே இருக்க மாட்டார்.

9. புரட்டாசியிலும் தை முடிவிலும் டிஸ்குகளை எழுப்புங்கள்

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. எல்லா டிஸ்குகளையும் இணைத்து, ஹாஷை மீண்டும் கணக்கிட்டு, பழைய A1_disk.csv கோப்போடு ஒப்பிடுங்கள். CrystalDiskInfo என்ற இலவச மென்பொருளில் டிஸ்கின் நிலை மஞ்சளாகக் காட்டினாலோ, சொடுக்குவது போன்ற ஓசை வந்தாலோ, நகலெடுக்கும் வேகம் திடீரென்று விழுந்தாலோ, அந்த டிஸ்கைச் சோதித்துக்கொண்டிருக்காமல் அன்றே நல்ல நகலிலிருந்து புதிய டிஸ்குக்கு எடுத்துவிடுங்கள். ஓசை வரும் டிஸ்கிலிருந்தே நகலெடுக்க முயல்வது அதன் எஞ்சிய ஆயுளைத் தின்றுவிடும். குறை எதுவும் தெரியாவிட்டாலும் ஐந்து ஆண்டுகளில் மாற்றிவிடுவது நல்லது.

10. பழைய குவியலை எங்கிருந்து தொடங்குவது

முதலில் இந்த ஆண்டின் பதிவுகளை மேற்சொன்ன முறையில் கொண்டுவாருங்கள். பிறகு ஓய்வு நேரத்தில் ஓர் ஆண்டு வீதம் பின்னோக்கிச் செல்லுங்கள். தேதி தெரியாத கோப்புறைகளுக்கு ஊகமாக ஒரு தேதியை எழுதிவிடாமல் 2016-00-00_TPP_THER என்று மாதத்தையும் நாளையும் சுழியமாக விட்டுவைத்தால், அது உறுதிப்படுத்தப்படாதது என்பது பின்வருகிறவர்களுக்குத் தெரியும். ஆண்டு தெரியாதபோது, காட்சியில் தெரியும் விழாப் பந்தலின் பதாகையை நிறுத்திப் படியுங்கள்; பல நேரங்களில் தேதி அங்கேயே இருக்கும். ஒரே பதிவு இரண்டு மூன்று டிஸ்குகளில் சிதறியிருப்பதையும் ஹாஷ் காட்டிக்கொடுக்கும். ஆனாலும், மூன்று நகல்கள் தேறும் வரை எந்தப் பழைய டிஸ்கையும் துடைக்காதீர்கள். மினிடிவி நாடாக்கள் இருந்தால் அவற்றை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு மணி நேர நாடா கணினியில் 13 ஜிபி அளவே பிடிக்கும், ஆனால் அதை ஓட்டும் கருவி நல்ல நிலையில் கிடைப்பது ஒவ்வோர் ஆண்டும் அரிதாகிக்கொண்டே வருகிறது.